வாரம் 5 நாள் வேலை, 12 வாரம் சோதனை: அறிவிப்பு வரைவு போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

யூனிட்_மேலாளர் | 3 ஜூன் 2024

வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் நிர்வாகம் பார்க்கிறேன். தலையணை உறை, பெட்ஷீட், கிச்சன் டவல் தைக்கிறோம். மொத்தம் 64 பேர், பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேருக்கு நாள் சம்பளம், பாதிப் பேருக்குப் பீஸ் ரேட்.

இப்போது திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு தடவை கால் கால் மணி. இடைவேளை போக நாளைக்கு 8 மணி, வாரம் 48.

சனிக்கிழமை ஆள் வருவது ரொம்பக் குறைவு. கட்டிங் முடித்து வைத்த பண்டல் அப்படியே கிடக்கிறது, ஓவர்லாக்கில் ஆள் இருந்தால் ஹெம்மிங்கில் இல்லை. பேசாமல் சனிக்கிழமையை விட்டுவிட்டு மற்ற 5 நாளில் அந்த நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்கிறார். பிடிக்கவில்லையென்றால் பழையபடி மாறிக்கொள்ளலாம் என்பதால் 12 வாரம் சோதனை. ஜூலை 8 திங்கள் தொடங்கி செப்டம்பர் 27 வெள்ளி வரை. தீபாவளி ஆர்டர் நெருக்கடிக்கு முன்னால் முடிந்துவிடும்.

நோட்டீஸ் போர்டில் ஒட்ட எழுதியது இது:

> 8.7.2024 முதல் 12 வாரங்களுக்குச் சோதனை முறையில் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் வேலை. காலை 8.30 முதல் மாலை 7.06 வரை. சனி, ஞாயிறு விடுமுறை. வார வேலை நேரம் 48 மணி, மாற்றம் இல்லை. சம்பளத்தில் மாற்றம் இல்லை. கருத்துகளை ஆபீஸ் முன் வைத்துள்ள பெட்டியில் போடவும்.

7.06 என்று பார்த்துச் சிரிக்க வேண்டாம். 48-ஐ 5-ஆல் வகுத்தால் 9 மணி 36 நிமிடம், அதோடு இடைவேளை ஒரு மணி. கணக்கு அப்படித்தான் வருகிறது. இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?

---

நூல்கண்டு | 3 ஜூன் 2024

நல்ல யோசனை, தைரியமாகப் போடுங்கள். சட்டத்தில் வாரம் 48 மணிதான் வரம்பு. அதைத் தாண்டாதவரை ஒரு நாளைக்கு 10 மணியோ 12 மணியோ உங்கள் வசதி. புதிய தொழிலாளர் சட்டத்திலேயே வாரம் 4 நாள், நாளைக்கு 12 மணி என்று வந்துவிட்டது. போன வருடம் நம் சட்டசபையிலும் 12 மணி நேர மசோதா நிறைவேறியதே.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 3 ஜூன் 2024

நூல்கண்டு தம்பி சொன்னதில் 48 மணி வரம்பு சரி, மற்றதெல்லாம் சிக்கலில் கொண்டுபோய் விடும். மில்லில் பர்சனல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய மசோதா, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதை நம்பி ஷிப்ட் போட முடியாது. மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, இந்த 2024 ஜூன் வரை நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்கு வந்தாலும் அதில் நாளைக்கு 8 மணி என்றுதான் இருக்கிறது. 4 நாள் வேலை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆக இப்போது நமக்கு 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். அதில் வார வரம்போடு நாள் வரம்பும் உண்டு. ஒரு நாளைக்கு 9 மணி. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஓவர்டைம், இரட்டைச் சம்பளம். வாரம் 48-ஐத் தாண்டவில்லையே என்று அப்போது சொல்ல முடியாது, இரண்டில் எது முதலில் தாண்டுகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் திட்டத்தில் தினமும் 36 நிமிடம் ஓவர்டைம் ஆகிறது. வாரத்துக்கு 3 மணி.

அடுத்தது, வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை இடைவேளையும் சேர்த்து மொத்தம் பத்தரை மணிக்குள் இருக்க வேண்டும். 8.30-இலிருந்து 7.06 என்றால் 10 மணி 36 நிமிடம், 6 நிமிடம் அதிகம். இன்னொன்று, பெண்களை மாலை 7 மணிக்கு மேல் வேலையில் வைப்பதானால் பாதுகாப்பு, போக்குவரத்து என்று தனி நிபந்தனைகள் உண்டு. அதிலும் அதே 6 நிமிடம் இடிக்கிறது. ஒரே நேரத்தை வைத்து மூன்று வரம்பையும் தாண்டுவது கஷ்டம், நீங்கள் சாதித்துவிட்டீர்கள்.

டீ இடைவேளையைக் குறைத்து அந்த 6 நிமிடத்தைச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பத்தரை மணி நேரத்துக்குள் டீயைப் பிடுங்கினால் சோதனை முதல் வாரமே செத்துவிடும்.

சுத்தமான வழி 5 நாள் × 9 மணி = 45 மணி. காலை 8.30 முதல் மாலை 6.30. சாப்பாட்டை 1 மணிக்கு வையுங்கள், 12.30-க்கு வேண்டாம். அரை மணி இடைவேளை இல்லாமல் 5 மணிக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று விதி. 12.30-க்குச் சாப்பிட்டு 1 மணிக்கு உட்கார்ந்தால் 6.30 வரை ஐந்தரை மணி ஆகிவிடும். கால் மணி டீ இடைவேளை இந்தக் கணக்கில் வராது. 1 முதல் 1.30 என்றால் காலையில் நாலரை, மதியம் சரியாக 5.

---

சேர்வராயன்_காபி | 4 ஜூன் 2024

ஏற்காட்டில் எஸ்டேட் மேஸ்திரி நான். எங்கள் பக்கமும் நாள் குறைக்கிற பேச்சு வந்தது. மழை நாளில் வேலை இல்லை என்று வாரம் 4 நாள்தான் கூப்பிடுவார்கள், 4 நாள் சம்பளம்தான் கொடுப்பார்கள். பழம் எடுக்கிற சீசனில் கிலோ கணக்கு, அப்போது ஞாயிறு கூடக் கிடையாது. உங்கள் ஆட்களிடமும் ஒரு நாள் சம்பளத்தைக் கழிப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். கீழே இருப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

---

யூனிட்_மேலாளர் | 4 ஜூன் 2024

சேர்வராயன் அண்ணா, சம்பளத்தைக் கழிப்பது இல்லை. உங்கள் எஸ்டேட்டில் நடந்தது வேலையே குறைந்த கதை. இங்கே 6 நாள் வேலையை 5 நாளில் செய்கிறோம், வாரச் சம்பளம் அதேதான்.

பழைய_சம்பளப்பட்டியல் சார், ரொம்ப நன்றி. 45 மணி என்று முதலாளியிடம் சொன்னேன். "3 மணி நேரத்தைச் சும்மா கொடுக்கச் சொல்கிறாயா" என்றார். ஓவர்டைம் கொடுத்தே 48 ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 4 ஜூன் 2024

ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் சம்பளம் 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 நாளைக்கு 2,880. மணிக்கு 60.

ஓவர்டைம் வழி: 45 மணிக்கு 2,700, மீதி 3 மணிக்கு இரட்டிப்பாக 360. மொத்தம் 3,060. ஆளுக்கு வாரம் 180 ரூபாய் கூடுதல். போதாக்குறைக்குப் பத்தரை மணி இடிக்கிறது.

45 மணி வழி: அதே 2,880-ஐ 5 நாளைக்குப் பிரித்தால் நாளைக்கு 576, மணிக்கு 64. கையிலிருந்து கூடுதலாகப் பணம் போகாது, ஆனால் 3 மணி உற்பத்தி போகும். தினமும் காலையில் மெஷின் துடைத்து, நூல் மாற்றி, பண்டல் பிரித்து வேலை சூடு பிடிக்க இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகுமே, அதில் ஒரு நாளுக்கானது மிச்சம். சனிக்கிழமை ஆள் இல்லாமல் லைன் நொண்டுவதும் இருக்காது. அதெல்லாம் சேர்ந்து 3 மணியை ஈடுகட்டுமா என்பதைத்தான் நீங்கள் சோதிக்கப் போகிறீர்கள். பழைய வார உற்பத்தி வர வேண்டுமானால் மணிக்கணக்கு உற்பத்தி சுமார் 6.7 சதவீதம் ஏற வேண்டும். அந்த எண்ணை முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். செப்டம்பரில் போய்ச் சொன்னால் சண்டை வரும்.

"சம்பளத்தில் மாற்றம் இல்லை" என்று ஒற்றை வரி போடாதீர்கள், அது உண்மையும் இல்லை. மாறுவது மூன்று. ஒன்று, நாள் சம்பளம் 480-இலிருந்து 576 ஆகிறது, அப்படியென்றால் ஒரு நாள் வராமல் போனால் வெட்டும் 576. இது தெரியாமல் முதல் வாரம் லீவு போட்டவர் ஏமாற்றிவிட்டார்கள் என்பார். இரண்டு, ஓவர்டைம் மணிக்கு 120 இருந்தது 128 ஆகிறது, இது அவர்களுக்கு லாபம். மூன்றாவதுதான் பெரிது, பீஸ் ரேட். அவர்களுக்கு மணி குறைந்தால் பீஸ் குறையும், யாரும் சம்பளத்தை வெட்டாமலே சம்பளம் வெட்டு விழும். ரேட்டை 48/45 மடங்கு ஏற்ற வேண்டும். உறை ஒன்றுக்கு 4.50 என்றால் 4.80. இதைச் செய்யாவிட்டால் ஏற்காடு நண்பர் சந்தேகப்பட்டது பாதிப் பேர் விஷயத்தில் உண்மையாகிவிடும்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் மாதச் சம்பளத்தை வைத்து. 45 மணி வழியில் மாதத் தொகை மாறாததால் அதுவும் மாறாது.

---

தையல்கார_மல்லிகா | 5 ஜூன் 2024

நான் வேறொரு கம்பெனியில் சிங்கர் மெஷின் ஓட்டுகிறேன், சீலநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில். கணக்கெல்லாம் சரி சார். மெஷினில் உட்காருகிறவங்க பக்கமும் கொஞ்சம் சொல்கிறேன்.

8.30-க்கு உள்ளே இருக்கணும் என்றால் 7.45-க்குப் பஸ் ஏறணும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வைத்திருக்கிறவங்க அதை அனுப்பிவிட்டுத்தான் வர முடியும். சாயங்காலம் 6.30-க்கு விட்டால் 6-க்கு விட்டது போல இல்லை, டவுன் பஸ் அந்த நேரத்தில் பிதுங்கும், இலவசப் பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு. எங்கள் கம்பெனியில் 9 மணி ஷிப்ட் மாற்றியபோது வேலையை விட்டவங்க எல்லாம் சின்னப் பிள்ளைக்காரிகள்தான். மற்றவங்களுக்குச் சனிக்கிழமை லீவு ரொம்பப் பிடித்தது.

காலை 8.30-க்கு வர முடியாதவங்களுக்கு 9-க்கு வந்து 7-க்கு முடிக்கிற மாதிரி ஒரு பத்துப் பேருக்கு இடம் கொடுங்களேன்.

அப்புறம் ஆபீஸ் முன்னால் பெட்டி வைத்தால் யாரும் சீட்டு போட மாட்டாங்க. யார் எழுந்து போய் எப்போ போட்டாங்க என்று சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருப்பார். பாதிப் பேருக்கு எழுதவும் சங்கடம்.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 5 ஜூன் 2024

மல்லிகா அம்மா சொன்ன 9 முதல் 7 சரியாக வரம்பின் மேல் நிற்கிறது. முடியாது என்று இல்லை, ஆனால் 7 மணி அடித்தவுடன் மெஷின் நிற்க வேண்டும். "இந்த ஒரு பண்டலை முடித்துவிட்டுப் போம்மா" என்று ஒரு தடவை சொன்னாலும் விதிமீறல். நானாக இருந்தால் அந்தக் குழுவை 8.45 - 6.45 என்று வைத்து, மதியம் 5 மணியைத் தாண்டாமல் இருக்கச் சாப்பாட்டை 1.15-க்குத் தள்ளுவேன்.

---

செக்கிங்_டேபிள் | 5 ஜூன் 2024

தரம் பார்க்கிற ஆள் நான். கருத்துப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். ஒன்பதாவது மணியில் என்ன நடக்கிறது என்று பண்டல் சொல்லும்.

நாங்கள் செய்கிற வேலை இது: ஒவ்வொரு பண்டல் சீட்டிலும் தைத்த நேரத்தைக் குறிக்கச் சொல்வோம். 5.30 முதல் 6.30 வரை தைத்ததைத் தனியாக அடுக்கி, அதில் எத்தனை பீஸ் திரும்பிப் போகிறது என்று எண்ணுவோம். ஓரம் கோணுவது, தையல் விட்டுப்போவது, ஊசி மாட்டிய ஓட்டை. இவை மூன்றும் கடைசி மணியில் ஏறினால் கண்ணும் தோளும் களைத்துவிட்டன என்று அர்த்தம். காலையிலும் அதே அளவு இருந்தால் அது ஆளின் களைப்பு இல்லை, நூலையோ மெஷினையோ பாருங்கள். ஊசி விரலில் ஏறியதை முதலுதவி நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள், ரொம்ப இடத்தில் தேதி மட்டும்தான் இருக்கும்.

இந்தக் கணக்கை ஜூலையில் தொடங்கினால் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கே தொடங்குங்கள், 8 மணி வேலையில் கடைசி மணி எப்படி இருந்தது என்று தெரியாமல் எதோடு ஒப்பிடுவீர்கள்?

---

நூல்கண்டு | 6 ஜூன் 2024

12 மணி மசோதா விஷயம் சரி சார், திரும்பப் பெற்றது எனக்குத் தெரியாது. ஆனால் இது என்ன, சனிக்கிழமை லீவு விடுவதற்கு இவ்வளவு பாடா. போர்டில் ஒட்டி அடுத்த திங்களே தொடங்கிவிட வேண்டியதுதானே? ஆட்களும் சம்மதம் என்கிறார்களே.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 6 ஜூன் 2024

முடியாது. வேலை நேரத்தையும் இடைவேளையையும் மாற்றினால் தொழில் தகராறுகள் சட்டம் 9-ஏ பிரிவின்படி தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஜூலை 8 தொடக்கம் என்றால் ஜூன் 16-க்குள் கையில் போய்ச் சேர வேண்டும். ஆட்களோடு முறைப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் இந்த 21 நாள் தேவையில்லை, ஆனால் வாய்ச் சம்மதம் ஒப்பந்தம் ஆகாது. அப்புறம் வேலை நேர அட்டவணை மாறுவதைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் முன்கூட்டி இரண்டு பிரதி அனுப்ப வேண்டும்.

மேலாளர் தம்பிக்கு ஒரு விஷயம். சோதனை முடியும் தேதியையும், அன்றைக்கு என்ன ஆகும் என்பதையும் இதே நோட்டீஸில் எழுதிவிடுங்கள். "30.9.2024 முதல் பழைய நேரம் தானாகத் திரும்பும்" என்று இல்லையென்றால், பழைய நேரத்துக்குப் போவதும் ஒரு மாற்றம்தான், அதற்கும் இன்னொரு 21 நாள் நோட்டீஸ் கேட்பார்கள். தீபாவளி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காதது. 12 வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது, நிரந்தரமாக்கினால் வரும். ஈட்டிய விடுப்பு கிடைக்க வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 6 நாள் வாரத்தில் ஞாயிறும் 9 பண்டிகை, தேசிய விடுமுறையும் போக 304 நாள் இருக்கிறது. 65 நாள் வராமல் போனால்தான் விடுப்பு போகும். 5 நாள் வாரத்தில் சனியும் போக 252தான். சம்பளமில்லாமல் 13 நாள் லீவு போட்டால் அடுத்த வருடம் ஒரு நாள் விடுப்பு கூடக் கிடையாது. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் போதும். முழுசாக வந்தவருக்கும் 20 நாளுக்கு ஒன்று என்பதால் 15 நாள் விடுப்பு 13 ஆகும்.

பணிக்கொடைச் சட்டத்தில் இதை யோசித்திருக்கிறார்கள், வாரம் 6 நாளுக்குக் குறைவாக ஓடும் இடத்துக்கு 240-க்குப் பதில் 190 என்று இருக்கிறது. விடுப்பு விஷயத்தில் அந்தச் சலுகை இல்லை. புதிய தொகுப்பில் 180 என்று குறைத்திருக்கிறார்கள், அது வரும்போது பார்க்கலாம். அதுவரை, சனிக்கிழமைகளை விடுப்புக் கணக்குக்கு வேலை நாளாக எடுத்துக்கொள்வோம் என்று நிர்வாகமே எழுதிக் கொடுக்கலாம். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தடை இல்லை.

---

அஞ்சுரோடு_கணக்கு | 7 ஜூன் 2024

குறுக்கே கேட்கிறேன். எங்களுடையது ஐந்து ரோடு பக்கம் சின்ன ஆபீஸ், 11 பேர். நாங்களும் இதே 9 மணி × 5 போடலாமா?

பழைய_சம்பளப்பட்டியல் | 7 ஜூன் 2024

உங்களுக்குக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947. அதில் நாள் வரம்பு 8 மணி. ஒன்பதாவது மணி உங்களுக்கு ஓவர்டைம். இந்த இழையிலிருக்கும் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

---

யூனிட்_மேலாளர் | 10 ஜூன் 2024

எல்லாம் பேசி முடித்து முதலாளி 45 மணிக்கு ஒத்துக்கொண்டார். 6.7 சதவீதத்தை முதலிலேயே சொன்னது நல்லதாகப் போயிற்று. பீஸ் ரேட் ஏற்றத்துக்குத்தான் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. திருத்திய நோட்டீஸ், ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கப் போகிறோம்:

> 8.7.2024 முதல் 27.9.2024 வரை சோதனை முறையில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. காலை 8.30 முதல் மாலை 6.30. சாப்பாடு 1.00 முதல் 1.30. டீ 10.45, 4.00. காலையில் சிரமம் உள்ளவர்கள் எழுதிக் கொடுத்தால் 8.45 - 6.45, அவர்களுக்குச் சாப்பாடு 1.15 முதல் 1.45. வார நேரம் 48-இலிருந்து 45 ஆகிறது.
>
> வாரச் சம்பளம் குறையாது. நாள் சம்பளம் வாரத் தொகையில் ஐந்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படும். உதாரணமாக 480 பெறுபவருக்கு 576. வராத நாளுக்கும் இதே தொகை கழியும். பீஸ் ரேட் 4.50 உள்ள உறைக்கு 4.80, மற்ற ரேட்டுகள் இணைப்பில். சனிக்கிழமை கட்டாய ஓவர்டைம் கிடையாது.
>
> 30.9.2024 திங்கள் முதல் பழைய நேரமும் பழைய ரேட்டும் தானாகத் திரும்பும். தொடர்வதானால் புதிய நோட்டீஸ் தரப்படும்.
>
> கருத்து: இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு அறையில் துணி மறைப்புக்குள் பெட்டி இருக்கும். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கறுப்புப் பட்டன் தரப்படும். தொடரலாம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. மீதியைப் பக்கத்துப் பெட்டியில் போடவும். எண்ணிக்கை அன்றே போர்டில் எழுதப்படும்.

தையல் யூனிட்டில் பட்டனுக்குப் பஞ்சமில்லை.

---

தையல்கார_மல்லிகா | 10 ஜூன் 2024

பட்டன் நல்ல யோசனை, எழுதத் தேவையில்லை. ஆனால் நாள் சம்பளக்காரங்களுக்கு ஒரு பெட்டி, பீஸ் ரேட்காரங்களுக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வையுங்கள். ரெண்டு பேர் கஷ்டமும் வேற. ஒன்றாக எண்ணினால் ஒரு பக்கம் அமுங்கிப் போகும்.

செப்டம்பர் 7 பிள்ளையார் சதுர்த்தி சனிக்கிழமை வருதே. அந்த லீவு போச்சா?

---

செக்கிங்_டேபிள் | 11 ஜூன் 2024

பிரித்தால் ரகசியம் குறையும். 8.45 குழுவில் பத்துப் பேர்தான் என்றால் அவர்களுக்குத் தனிப் பெட்டி வைத்தாலே யார் கறுப்பு என்று ஊகித்துவிடுவார்கள். நாள் சம்பளம், பீஸ் ரேட் இரண்டும் முப்பது முப்பது பேர் என்பதால் பரவாயில்லை, அதற்கு மேல் பிரிக்க வேண்டாம்.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 11 ஜூன் 2024

சதுர்த்தி பற்றி: வாராந்திர ஓய்வு நாளில் விழும் பண்டிகை விடுமுறைக்கு மாற்று நாள் கொடுப்பதா என்பதில் யூனிட்டுக்கு யூனிட் பழக்கம் வேறு. பழைய முறையில் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்திருக்கும் என்பது உண்மை. வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதியை விட்டுவிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. முதலாளி ஒத்துக்கொள்வாரா தெரியாது.

முதல் பட்டன் எண்ணிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சனிக்கிழமை லீவு கிடைத்த சந்தோஷமும் உடம்பு பழகாத அலுப்பும் முதல் இரண்டு வாரம் ஒன்றோடொன்று மோதும். நான்காவது வாரத்துக்கு மேல் வருவதைப் பாருங்கள்.

---

யூனிட்_மேலாளர் | 19 ஆகஸ்ட் 2024

ஆறு வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்கிறேன். ஆள் வருகை நன்றாக ஏறியிருக்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் வழக்கமாக லைன் காலியாகிவிடும், இந்த முறை அவ்வளவு இல்லை.

செக்கிங்_டேபிள் சொன்ன கடைசி மணிக் கணக்குதான் கண்ணைத் திறந்தது. ஹெம்மிங்கில் திரும்பி வரும் பீஸ் 5.30-க்கு மேல் தெளிவாக ஏறுகிறது. ஓவர்லாக்கில் வித்தியாசமே இல்லை. அதனால் ஹெம்மிங் ஆட்களுக்கு மட்டும் 5.30-க்கு மேல் டவல் போன்ற நேர்த் தையலைக் கொடுத்து, உறையைக் காலையில் வைத்துப் பார்க்கிறோம். கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

பட்டன்: நாள் சம்பளப் பெட்டியில் வெள்ளைதான் பெரும்பாலும். பீஸ் ரேட் பெட்டியில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

---

நூல்கண்டு | 19 ஆகஸ்ட் 2024

ரேட்டையும் ஏற்றிக் கொடுத்தும் பீஸ் ரேட்காரங்க ஏன் கறுப்பு போடுகிறார்கள்?

---

தையல்கார_மல்லிகா | 20 ஆகஸ்ட் 2024

வேகமாகத் தைக்கிறவங்க சனிக்கிழமையும் வந்தால் அன்றைக்குத் தைத்தது முழுசாகக் காசு. வயசானவங்களுக்குக் கடைசி மணியில் கை ஓடாது, ரேட் ஏறினாலும் பீஸ் ஏறாது. ரெண்டு பேரும் கறுப்புதான் போடுவாங்க, காரணம் வேற வேற. பட்டன் காரணம் சொல்லாது சார். கூப்பிட்டுக் கேளுங்க, சூப்பர்வைசர் இல்லாதபோது.

---

யூனிட்_மேலாளர் | 1 அக்டோபர் 2024

நேற்றிலிருந்து பழைய நேரத்துக்கு வந்துவிட்டோம். வார உற்பத்தி பழையதில் கிட்டத்தட்ட 97 சதவீதம் வந்தது, முழுசாக ஈடுகட்டவில்லை. ஆனால் மறுதையல் செலவும் சனிக்கிழமை வாடகை வேன் செலவும் குறைந்ததைக் கழித்துப் பார்த்து, நஷ்டம் இல்லை என்கிறார் முதலாளி. செப்டம்பர் 6 லீவு கொடுக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி தொடரலாமா என்று பேச்சு. நாள் சம்பளக்காரர்களுக்கு மட்டும் 5 நாள், பீஸ் ரேட்காரர்களுக்கு விருப்பம் என்று ஒரு யோசனை. அப்படியானால் சனிக்கிழமை கட்டிங் மாஸ்டரும் மெக்கானிக்கும் யாருக்காக வருவது என்று தெரியவில்லை. 240 நாள் விஷயத்தை முதலாளியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

---

பழைய_சம்பளப்பட்டியல் | 2 அக்டோபர் 2024

பதில் வராமல் அடுத்த நோட்டீஸ் எழுதாதீர்கள். விருப்பத்துக்கு விடுவதானால், பீஸ் ரேட்காரர்களில் 6 நாள் வருபவருக்கு நாளைக்கு 8 மணி, ரேட் 4.50. 5 நாள் வருபவருக்கு 9 மணி, ரேட் 4.80. ஒரே உறைக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இரண்டு ரேட் ஓடும். அதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.